சின்ன வாசகருக்கு எந்தச் சொல்? கதைகளில் கடினச் சொற்களை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைக் கதைகளைச் செப்பனிடுவது என் வேலை. கதை எழுதுபவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எழுத்துக்கூட்டும் நிலையைத் தாண்டித் தானாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தையை மனத்தில் வைத்தே பதில் சொல்கிறேன்.

எந்தச் சொல் கடினம், எந்தச் சொல் எளிது என்று எதை வைத்து முடிவு செய்வது? எனக்கு எல்லாமே எளிதாகத்தான் தெரிகிறது.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கற்றவர், கல்லாதவர் எல்லாருக்கும் பொருள் விளங்கும் சொல் இயற்சொல். கற்றவருக்கு மட்டுமே விளங்குவது திரிசொல். கிளி என்றால் எல்லாருக்கும் தெரியும். அதையே கிள்ளை என்றும் தத்தை என்றும் சொன்னால் படித்தவருக்குத்தான் தெரியும். நன்னூல் சொல்லும் இந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு திருத்தம் வேண்டும்: இங்கே "எல்லாரும்" என்பது ஏழு வயதுக் குழந்தை.

அந்தக் குழந்தைக்குத் தெரிந்த சொற்கள் பெரும்பாலும் காது வழியாக வந்தவை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "இந்தச் சொல்லைக் குழந்தை காதால் கேட்டிருக்குமா?" என்பதுதான். தூங்கினான் கேட்டிருக்கும், உறங்கினான் அரிது, துயின்றான் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. சொல்லின் நீளத்தை நம்பாதீர்கள். "களிறு" மூன்றே எழுத்து, ஆனால் கடினம். "ஆண் யானை" இரண்டு சொல், ஆனால் எளிது.

உங்களுக்கு எல்லாமே எளிதாகத் தெரிவது இயல்பு. அந்தச் சொற்களோடு நீங்கள் பல ஆண்டு பழகிவிட்டீர்கள். பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வீட்டில் யாரும் சொல்லாத சொல் வரும்போது குரல் கொஞ்சம் மேடை ஏறும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

வடசொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச்சொல் போட்டால் எளிமையாகிவிடும் அல்லவா?

ஆகாது. விருட்சம் வடசொல், மரம் தமிழ். இங்கே தமிழ்தான் எளிது. ஆனால் கோபம் வடசொல், சினம் தமிழ். குழந்தைக்குத் தெரிந்தது கோபம். சொல்லின் பிறப்பிடம் ஒரு கணக்கு, குழந்தையின் பழக்கம் வேறு கணக்கு. தனித்தமிழில் எழுத உங்களுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், அவற்றை நான் மதிக்கிறேன். எளிமையை அந்தக் காரணங்களில் சேர்க்காதீர்கள்.

"மகிழ்ச்சி" போடுவதா, "சந்தோஷம்" போடுவதா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். இரண்டிலும் சிக்கல் உண்டு. சந்தோஷம் காதுக்குப் பழக்கம், ஆனால் "ஷ" குழந்தை கடைசியில் கற்கும் கிரந்த எழுத்துகளில் ஒன்று. மகிழ்ச்சியில் கிரந்தம் இல்லை. ஆனால் ழ், ச் என்று இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. புதிதாகப் படிக்கும் குழந்தை "மகி" என்று தொடங்கி, மூச்சு வாங்கி, "ழ்... ச்... சி" என்று இறங்கும்.

பெரியவர் படித்துக்காட்டும் கதை என்றால் சந்தோஷம் போடுவேன். குழந்தை தானே படிக்கும் கதை என்றால் மகிழ்ச்சி போடுவேன். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல்லின் உருவம் கண்ணில் பட்டிருக்கும். எழுத்துக்கூட்டாமலே அடையாளம் தெரிந்துவிடும். எதைத் தேர்ந்தாலும் கதை முடியும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் மகிழ்ச்சி, அடுத்த பக்கத்தில் சந்தோஷம், அதற்கடுத்து ஆனந்தம் என்று போனால் மூன்றும் வேறு வேறு என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

பல இடங்களில் இரண்டுமே தேவைப்படாது. "மகிழ்ச்சியடைந்தான்" என்பதை எடுத்துவிட்டு "துள்ளிக் குதித்தான்" என்று எழுதிப் பாருங்கள்.

ஒருபொருட்பன்மொழி அகராதியைத் திறந்து, பொருத்தமான சொல்லை எடுத்துப் போட்டால் போதாதா?

அந்த வகை நூல்கள் எதிர்த்திசையில் போகிறவை. பழைய நிகண்டுகள் செய்யுள் இயற்றுபவருக்கு உதவியாக, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை அடுக்கித் தந்தன. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட திவாகரம் தொடங்கி அந்த மரபு நீள்கிறது. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடும் புலவருக்கு அது பொக்கிஷம். நமக்கு வேண்டியது அந்த அடுக்கில் எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒரு சொல்.

பொருள் சொல்லும் அகராதி இதைவிடப் பயன்படும். 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சில சொற்களுக்கு "உயர் வழக்கு" என்று குறிப்புக் கொடுக்கிறது. அந்தக் குறிப்பு உள்ள சொல் உங்கள் கதையில் இருந்தால் அதை ஒரு முறை சந்தேகிக்கலாம்.

இன்னொரு தொல்லை, சொற்கள் தனியாக வாழ்வதில்லை. அடர்ந்த என்பதற்கு நெருக்கமான என்று அகராதி சொல்லும். ஆனால் "அடர்ந்த காடு" சரி, "நெருக்கமான காடு" காதில் உறுத்துகிறது. நெருக்கமான நண்பன்தான் உண்டு. "ஆழ்ந்த உறக்கம்" என்பதை "ஆழமான தூக்கம்" ஆக்குவதைவிட "நல்ல தூக்கம்" என்பதே தமிழாகக் கேட்கும். ஒரு சொல்லை மாற்றும்போது அதன் பக்கத்துச் சொல்லையும் கூடவே தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பத்தியை எடுத்து முழுதாக மாற்றிக் காட்ட முடியுமா?

இதற்காகவே ஒரு பத்தி எழுதிக்கொண்டேன். என்னிடம் வரும் கதைகளின் நடை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

"அடர்ந்த வனத்தினூடே பயணித்துக்கொண்டிருந்த யானைக்கன்று, திடீரென்று சருகுகள் சலசலப்பதைச் செவியுற்று அச்சமுற்றது. தன் அன்னையின் அருகாமையை நாடி விரைந்த அது, ஆழமறியாது சேற்றில் காலைப் பதித்து நிலைகுலைந்தது. அதன் பரிதாபமான பிளிறலைக் கேட்ட தாய், வியப்பும் கவலையும் மேலிட, துதிக்கையால் அதனை மீட்டது."

முதலில் எளிதானவற்றை முடித்துவிடலாம். வனம் காடு ஆகும். செவியுற்று என்பது கேட்டு, அச்சமுற்றது என்பது பயந்தது, அன்னை என்பது அம்மா, விரைந்த என்பது ஓடிய, அதனை என்பது அதை. இவற்றில் யோசிக்க எதுவும் இல்லை.

ஆனால் இவற்றை மட்டும் மாற்றினால் முதல் வாக்கியம் இப்படி நிற்கும்: "அடர்ந்த காட்டினூடே பயணித்துக்கொண்டிருந்த யானைக்கன்று, திடீரென்று சருகுகள் சலசலப்பதைக் கேட்டுப் பயந்தது." பாதிச் சொல் எளிமையாகியும் வாக்கியம் இன்னும் மூச்சு முட்டுகிறது. காரணம், "பயணித்துக்கொண்டிருந்த" என்ற நீண்ட பெயரெச்சம். குழந்தை அந்தப் பெரிய சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள், யார் பயணித்தது என்பது இன்னும் வரவே இல்லை. ஆகவே பெயரெச்சத்தை உடைத்துத் தனி வாக்கியமாக்க வேண்டும்: கன்று நடந்து போனது. "பயணித்தது" போய் "நடந்து போனது" வந்ததையும் கவனியுங்கள். யானை காட்டுக்குள் பயணிப்பதில்லை, நடக்கிறது.

"அடர்ந்த" என்பதற்கு ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. அதனால் அதை ஒரு காட்சியாக்கினேன்: மரங்கள் நெருக்கமாக நின்றன.

"சருகுகள்" என்பதை "காய்ந்த இலைகள்" ஆக்கலாம். நான் ஆக்கவில்லை. தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. இந்தக் கதையில் பயம் தொடங்குவதே சருகின் சத்தத்தில். பக்கத்திலேயே "சலசலத்தன" என்ற ஒலிச்சொல் நிற்கிறது. "கீழே கிடந்த" என்று இரண்டு சொல் சேர்த்தால் குழந்தை பொருளை ஊகித்துவிடும்.

"அருகாமையை நாடி" என்பதற்கு மாற்றுச் சொல் தேடி நேரம் போக்க வேண்டாம். அம்மாவிடம் ஓடியது, அவ்வளவுதான்.

"நிலைகுலைந்தது" கொஞ்சம் யோசிக்க வைத்தது. அதற்கு நிலை கெடுவது, மனம் தளர்வது என்று பல சாயல்கள் உண்டு. இங்கே உண்மையில் நடப்பது கால் தடுமாறி விழுவது. சொல்லின் பொருளை மாற்றுவதற்குப் பதில், நடந்ததை எழுதிவிட்டேன்.

"வியப்பும் கவலையும் மேலிட" என்பதில் வியப்பை நீக்கிவிட்டேன். குட்டி சேற்றில் கிடக்கும்போது தாய் எதற்கு வியக்க வேண்டும்? ஓசைக்காக வந்து உட்கார்ந்த சொல் அது. கடினச் சொற்களைத் தேடும்போது இப்படிப்பட்ட வெற்றுச் சொற்களும் அகப்படும்.

மாற்றிய பத்தி:

"யானைக்கன்று ஒன்று காட்டுக்குள் நடந்து போனது. மரங்கள் நெருக்கமாக நின்றன. திடீரென்று கீழே கிடந்த சருகுகள் சலசலத்தன. கன்று பயந்துவிட்டது. அம்மாவிடம் ஓடியது. வழியில் சேறு. எவ்வளவு ஆழம் என்று அதற்குத் தெரியாது. கால் வைத்ததும் தடுமாறி விழுந்தது. கன்று பிளிறியது. அம்மா யானை ஓடி வந்தது. தும்பிக்கையை நீட்டிக் கன்றை வெளியே இழுத்தது."

முன்பு 3 வாக்கியங்களில் 31 சொற்கள். இப்போது 11 வாக்கியங்களில் 39 சொற்கள். எளிமையாக்கினால் பத்தி சுருங்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வழக்கமாகக் கொஞ்சம் நீளும். படங்களுக்கு இடம் ஒதுக்குபவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. சருகு, சலசலத்தன, பிளிறியது ஆகிய மூன்றும் புதுச் சொற்களாக இருக்கலாம். அவற்றைத் தெரிந்தேதான் விட்டுவைத்தேன்.

கணினியில் தேடி மாற்றும் வசதி இருக்கிறதே, அதில் செய்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

ஒரு முறை அவசரத்தில் "வனம்" என்பதைத் தேடி, எல்லா இடத்திலும் "காடு" என்று மாற்றச் சொன்னேன். கதையில் இருந்த "கவனம்" எல்லாம் "ககாடு" ஆகிவிட்டது. அதே நேரத்தில் "வனத்தில்", "வனத்துக்கு" எல்லாம் மாறாமல் அப்படியே இருந்தன.

இது மட்டும் இல்லை. "அந்தச் சினம்" என்பதில் சினத்தைக் கோபமாக்கினால் "அந்தச் கோபம்" என்று நிற்கும். ஒற்று "அந்தக்" என்று மாற வேண்டும். "அவனை நோக்கினான்" என்பது "அவனைப் பார்த்தான்" ஆகும்போது நடுவில் ஒரு "ப்" முளைக்கிறது. வேற்றுமை உருபும் மாறலாம்: "அவனை வினவினான்" என்பது "அவனிடம் கேட்டான்" ஆகும். தேடுவதற்குக் கணினியைப் பயன்படுத்துங்கள். மாற்றுவதைக் கையால், ஒவ்வொரு இடமாகச் செய்யுங்கள்.

எளிய சொல்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் குழந்தை தப்பாகப் புரிந்துகொள்கிறது. ஏன்?

அந்தச் சொல்லுக்குக் குழந்தைக்குத் தெரிந்த பொருள் வேறாக இருக்கும். "ஞாயிறு எழுந்தது" என்று படித்தால் குழந்தைக்குக் கிழமைதான் நினைவுக்கு வரும். "திங்கள் ஒளி வீசியது" என்றாலும் அதே கதை. "அவனுக்கு மெய் சிலிர்த்தது" என்ற வரியைப் படித்த ஒரு சிறுவன் என்னிடம், "மெய்யெழுத்தா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. வகுப்பில் அவனுக்கு அறிமுகமான மெய் அது ஒன்றுதான்.

திரிசொல்லில் இரண்டு வகை சொல்வார்கள். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒரு வகை. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் இன்னொன்று. யானை, கோழி, சங்கு மூன்றையும் குறிக்கும் வாரணம் இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. குழந்தைக் கதையில் இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து. தெரியாத சொல் வந்தால் குழந்தை நின்று கேட்கும். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் நிற்காமல் போய்விடும், தப்பு நடந்தது யாருக்கும் தெரியாது. சூரியன், நிலா, உடம்பு என்று நேராக எழுதிவிடுங்கள்.

வியந்தான், திகைத்தான், மலைத்தான்: மூன்றையும் "ஆச்சரியப்பட்டான்" என்று மாற்றலாமா?

முதலாவதை மாற்றலாம். திகைத்தவன் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். மலைத்தவன் எதிரே இருப்பதன் அளவைப் பார்த்து, "நம்மால் முடியுமா?" என்று தயங்குகிறான். மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் மூன்று பேரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.

உணர்ச்சிச் சொற்களுக்கு இணைச்சொல் தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்த உணர்ச்சி வந்தவன் என்ன செய்வான் என்று பார்க்கிறேன். "திகைத்தான்" என்பதற்கு "என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றான்". "மலைத்தான்" என்பதற்கு "அம்மாடி, இவ்வளவு பெரியதா என்று பின்னால் நகர்ந்தான்". சொற்கள் கூடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் குழந்தைக்குத் தெரிந்தது.

எல்லாச் சொல்லையும் எளிமையாக்கிவிட்டால் குழந்தை புதுச் சொல் எப்படிக் கற்றுக்கொள்ளும்?

நியாயமான கவலை. அதனால்தான் சருகையும் பிளிறலையும் விட்டுவைத்தேன். எதை விடுவது என்பதற்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது: அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் வேறு ஒற்றைச் சொல் உட்காருமா? வனம் போனால் காடு உட்காரும். ஆகவே வனம் போகலாம். பிளிறியது போனால் கத்தியது உட்காரும், ஆனால் யானை போய்விடும். குதிரை கனைப்பதும் பாம்பு சீறுவதும் மயில் அகவுவதும் இந்த வகைதான். இப்படிப்பட்ட சொற்கள் கதையில்தான் குழந்தைக்குக் கிடைக்கும்.

எத்தனை விடலாம் என்பதற்கு ஓர் ஆய்வின் துணை உண்டு. 2000-இல் ஹூ, நேஷன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். அவர்கள் சோதித்தது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பெரியவர்களை. தமிழில் உருபுகளும் துணைவினைகளும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்பதால் அந்த எண்ணிக்கையை நேராகப் பொருத்த முடியாது. அளவுணர்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள பத்தியில் 39 சொல்லுக்கு 3 புதுச் சொல் என்பது இந்தக் கணக்குக்கு அதிகம்தான். சலசலத்தன, பிளிறியது இரண்டும் ஒலியிலேயே பாதிப் பொருளைச் சொல்லிவிடுவதால் துணிந்தேன். அடுத்த பத்தியில் ஒன்றுகூட வைக்க மாட்டேன்.

விட்டுவைத்த சொல் கதையில் ஒரே ஒரு முறை வந்து மறைந்தால் பயனில்லை. கன்று முதல் பக்கத்தில் பிளிறினால், பின்னால் அம்மாவும் பிளிறட்டும், கடைசியில் கூட்டமே பிளிறட்டும்.

கடினச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பொருள் கொடுத்தால் என்ன?

கதை அங்கேயே நின்றுவிடும். குழந்தை அடைப்புக்குறியையும் சேர்த்துப் படிக்கும்: "வனம் காடு நோக்கி நடந்தான்." பொருள் தந்தே ஆக வேண்டும் என்றால் கதையின் முடிவில் நான்கைந்து சொல்லுக்குத் தாருங்கள். அல்லது அடுத்த வாக்கியத்தையே விளக்கமாக்குங்கள்: "குளம் வற்றிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை."

குழந்தைக்குத் தெரிந்த பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

உரையாடலில் கொஞ்சம் எழுதலாம். முழுக்கதையும் அப்படி என்றால், ஒரு வட்டாரக் குழந்தைக்கு எளிதாக இருப்பது இன்னொரு வட்டாரக் குழந்தைக்குப் புதிராகிவிடும். ஒவ்வொரு வட்டாரத்திலும் உச்சரிப்பே வேறு. எழுத்துத் தமிழுக்குள்ளேயே பேச்சை ஒட்டிய வடிவங்கள் நிறைய உண்டு. வீட்டிற்கு என்பதைவிட வீட்டுக்கு, எனினும் என்பதைவிட ஆனாலும், ஆகையால் என்பதைவிட அதனால். இவை பிழையற்ற எழுத்துத் தமிழ், குழந்தையின் காதுக்கும் பக்கம்.

"சொன்னான், சொன்னாள்" என்றே பக்கம் முழுக்க வருகிறது. சலிப்பாக இருக்காதா? கூறினான், உரைத்தான் என்று மாற்றி மாற்றிப் போடலாமா?

சலிப்பு உங்களுக்குத்தான். குழந்தையின் கண் "சொன்னான்" என்ற சொல்லை நிற்காமல் தாண்டி, பேச்சுக்குள் போய்விடும். "உரைத்தான்" வந்தால் நின்றுவிடும். எப்படிச் சொன்னான் என்பது கதைக்கு முக்கியமானால் "கத்தினான்", "முணுமுணுத்தான்" என்று எழுதுங்கள். அவை உண்மையிலேயே வேறு செயல்கள்.

மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த வயதுக் குழந்தைகள் மூன்று நான்கு பேரிடம், தனித்தனியாகப் படிக்கக் கொடுங்கள். நீங்கள் ஒரு படியைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி, திரும்பப் படிக்கும் இடத்தில் ஒரு கோடு என்று குறித்துவாருங்கள். ஒரு குழந்தை மட்டும் நின்றால் விட்டுவிடலாம். எல்லாரும் ஒரே இடத்தில் நின்றால் அந்தச் சொல்லையும் அது இருக்கும் வாக்கியத்தையும் பாருங்கள். பல நேரம் குற்றவாளி பக்கத்துச் சொல்லாக இருக்கும்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லாக் குழந்தையும் புரிந்தது என்றே சொல்லும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கதையைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடம் விடுபடுகிறது, எந்த இடம் திரிகிறது என்பது அப்போது தெரியும். நீங்கள் விட்டுவைத்த சொல்லைக் குழந்தை தானே பயன்படுத்துகிறதா என்பதும் தெரியும்.

யானைக்கன்றின் பத்தியை எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இப்படித்தான் கொடுத்தேன். சருகு என்ற இடத்தில் ஒரு நொடி நின்றாள், பிறகு போய்விட்டாள். பிளிறியது என்பதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாக. பிறகு கதையைத் திரும்பச் சொல்லும்போது, "யானைக்குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது" என்றாள். நான் "தடுமாறி விழுந்தது" என்று எழுதியிருந்தேன். சேற்றில் நடப்பது வழுக்குவதுதான். அன்றே அதைத் திருத்திவிட்டேன்.